வெல்டிங் அப்ரண்டிஸ்: கையில் வந்த வேலையா, முடிய வேண்டிய சான்றிதழா?

அப்ரண்டிஸ் காலம் முடியச் சில மாதங்களே இருக்கும்போது ஒரு வேலை வந்து வாசலில் நிற்பது வெல்டிங் தொழிலில் புதிதல்ல. பைப் வேலைக்கு ஆள் தேடும் ஒப்பந்ததாரர்கள், பையனுடைய பயிற்சி முடியட்டும் என்று காத்திருப்பதில்லை. டெஸ்ட் பீஸ் பாஸானால் போதும், நாளைக்கே வா என்கிறார்கள். "போகலாமா, முடித்துவிட்டுப் போகலாமா?" என்று கேட்பவர்கள் எல்லோருக்கும் ஒரே பதில் சொல்ல முடியாது. ஆனால் எதையெதைப் பார்த்து முடிவெடுக்க வேண்டும் என்று சொல்ல முடியும். என்னிடம் பயிற்சியில் இருக்கும் ஒரு தம்பியோடு அண்மையில் பேசியதை வைத்தே அதை எழுதுகிறேன். நான் அவனுக்குச் சூப்பர்வைசர் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அது ஏன் முக்கியம் என்று பிறகு வரும்.

அவன் நிலைமை இது. மூன்று வருடப் பயிற்சி, அதில் ஏழு மாதம் பாக்கி. ஒரு ஆலையை நிறுத்திப் பராமரிப்பு செய்யும்போது பைப் லைன் மாற்றும் வேலைக்கு அவனைக் கூப்பிட்டிருக்கிறார்கள். நான்கு மாத ஒப்பந்தம், "தேவைப்பட்டால் நீட்டிக்கப்படும்" என்று ஒரு வரி. சம்பளம் இப்போதைய உதவித்தொகையைப் போல இரண்டரை மடங்கு. வெல்டிங் முடிந்து வெளிச்சம் குறைந்த நேரத்தில் ஆஃபர் லெட்டரோடு வந்தான்.

"அண்ணே, அவங்களே 6ஜி டெஸ்ட் வெச்சு சர்டிஃபிகேட் கொடுக்கறாங்களாம். அது இருந்தா போதாதா? அப்புறம் இந்தச் சான்றிதழ் எதுக்கு?"

இந்த ஒரு கேள்வியில்தான் பெரும்பாலோர் வழுக்கி விழுகிறார்கள். சம்பளத்தைப் பற்றிப் பேசும் முன் நாங்கள் இதைத்தான் பேசினோம்.

## எதை வைத்து எடை போடுவது

அவனிடம் நான்கு கேள்விகளைக் கொடுத்தேன். எந்த வழியில் போனாலும் இந்த நான்குக்கும் பதில் தெரிந்திருக்க வேண்டும்.

ஒன்று, அந்த வேலை முடிகிற நாளில் உன் கையில் என்ன காகிதம் மிஞ்சும்? இரண்டு, அடுத்த ஏழு மாதத்தில் கையில் நிற்கிற பணம் எவ்வளவு? சம்பளத்தைச் சொல்லவில்லை, நிற்கிற பணத்தைச் சொல்கிறேன். மூன்று, பாக்கியிருக்கும் பயிற்சியில் உண்மையிலேயே கற்றுக்கொள்ள ஏதாவது இருக்கிறதா? நான்கு, கணக்குத் தப்பினால் திரும்பி வர வழி உண்டா?

நான்காவதை யாரும் கேட்பதில்லை. கையெழுத்துப் போட்ட பிறகுதான் அந்தக் கேள்வியே நினைவுக்கு வரும்.

## டெஸ்ட் கார்டு வேறு, சான்றிதழ் வேறு

ஒப்பந்ததாரர் கொடுப்பதாகச் சொன்னது டெஸ்ட் கார்டு, அதாவது வெல்டர் தகுதிப் பதிவு. ஒரு குறிப்பிட்ட முறையில், ஒரு குறிப்பிட்ட நிலையில், ஒரு குறிப்பிட்ட அளவு பைப்பில் இந்த ஆள் நல்ல ஜாயிண்ட் போட்டான் என்பதற்கு மட்டும் அது அத்தாட்சி. தொழில் தெரிந்தவன் என்பதற்கு அது அத்தாட்சி இல்லை.

6ஜி என்றால் பைப்பை 45 டிகிரி சாய்த்து அசையாமல் கட்டிவிடுவார்கள். வெல்டர்தான் அதைச் சுற்றி வர வேண்டும். கஷ்டமான டெஸ்ட்தான், மறுக்கவில்லை. பாய்லர், அழுத்தக் கலன் வேலைகளில் பரவலாகப் பின்பற்றப்படும் ஏஎஸ்எம்இ பிரிவு 9 விதிப்படி 6ஜி பாஸானவர் எல்லா நிலைகளிலும் வெல்டிங் செய்யலாம். ஆனால் நிலை மட்டும்தான் அப்படி. அளவு என்று வரும்போது கதை மாறும். 73 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட வெளிவிட்டம் உள்ள பைப்பில் டெஸ்ட் கொடுத்தால், 73 மில்லிமீட்டரும் அதற்கு மேலும்தான் அனுமதி. தம்பிக்குச் சொன்ன டெஸ்ட் 6 இன்ச் பைப். ஆலை வேலையில் பாதி ஜாயிண்ட் 2 இன்ச் லைனில்தான் இருக்கும். அதன் வெளிவிட்டம் 60.3 மில்லிமீட்டர். ஆக, அந்தக் கார்டை வைத்துக்கொண்டு அவன் 2 இன்ச் லைனைத் தொட முடியாது.

"அப்படின்னா அதுக்கு இன்னொரு டெஸ்ட் கொடுக்கணுமா அண்ணே?"

"கொடுக்கணும். அவங்க கொடுக்க விட்டா கொடுக்கலாம். 2 இன்ச்லயும் டெஸ்ட் உண்டான்னு முதல்ல கேளு."

இரண்டாவது விஷயம் இன்னும் முக்கியம். பிரிவு 9-இன் அடிப்படையே, ஒவ்வொரு நிறுவனமும் தன் வெல்டர்களைத் தானே தகுதிப்படுத்த வேண்டும் என்பதுதான். ஒரு கம்பெனி எடுத்த டெஸ்டை இன்னொரு கம்பெனி ஏற்க, சில பைப்பிங் விதிகள் அனுமதியோடு இடம் தருகின்றன. நடைமுறையில் புதிய கம்பெனியில் புதிய டெஸ்ட்தான். தவிர, ஒரு முறையில் 6 மாதம் வெல்டிங் செய்யாமல் இருந்தால், அந்த முறைக்கான தகுதி காலாவதி. அந்த 6 மாதத்துக்குள் செய்த வேலையும், தகுதி கொடுத்த நிறுவனத்தின் கட்டுப்பாட்டில் செய்ததாக இருக்க வேண்டும்.

ஐஎஸ்ஓ 9606-1 விதியில் நடக்கும் இடங்களில் நிலைமை கொஞ்சம் வேறு. அங்கேயும் 6 மாதத்துக்கு ஒரு முறை பொறுப்பாளர் கையெழுத்துப் போட்டு உறுதிசெய்ய வேண்டும். ஆனால் தகுதியைப் புதுப்பிக்க மூன்று வழிகள் உண்டு. 3 வருடத்துக்கு ஒரு முறை மறு டெஸ்ட் என்பது ஒன்று. 2 வருடத்துக்கு ஒரு முறை, கடைசி 6 மாதத்தில் போட்ட இரண்டு ஜாயிண்டைச் சோதித்துப் புதுப்பிப்பது இன்னொன்று. மூன்றாவதில் தொடர்ந்து செல்லும், ஆனால் அதே நிறுவனத்தில் இருக்கும்வரைதான். அந்த நிறுவனத்தின் தர முறையும் உரிய விதிப்படி சரிபார்க்கப்பட்டிருக்க வேண்டும். உங்களுக்குக் கொடுக்கப்போவது இந்த மூன்றாவது வகை என்றால், வேலையை விட்ட அன்றோடு அந்தக் காகிதம் போச்சு.

அப்ரண்டிஸ் சான்றிதழுக்கு 6 மாதக் கெடு கிடையாது, கம்பெனி மாறினால் செத்துப்போவதும் இல்லை. ஆனால் அதுவும் சர்வரோக நிவாரணி அல்ல. அதைக் காட்டி டெஸ்ட் இல்லாமல் எந்தத் தளத்திலும் டார்ச்சைத் தொட விடமாட்டார்கள். சான்றிதழ் இருக்கிறவரும் 6ஜி டெஸ்ட் கொடுத்துத்தான் ஆக வேண்டும். சான்றிதழ் பயன்படுவது வேறு இடங்களில்: நிரந்தர வேலைக்கு விண்ணப்பிக்கும்போது, ஃபோர்மேன், ஆய்வாளர் என்று மேலே போகும்போது, கைத்தொழில் அடிப்படையில் வெளிநாட்டு வேலை அனுமதிக்கு மதிப்பீடு செய்யும்போது. இங்கேயெல்லாம் பழைய டெஸ்ட் கார்டு ஒரு கட்டு இருந்தாலும், "முறையான பயிற்சி முடித்தாரா?" என்ற கட்டத்தில் எழுத ஒன்றும் இருக்காது.

ஆக, இவை ஒன்றுக்கொன்று மாற்று இல்லை. இதைச் சொன்னதும் தம்பி கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் பணத்துக்கு வந்தான்.

## வழி 1: இப்போதே போவது

"இரண்டரை மடங்கு அண்ணே. வீட்டு நிலைமை உங்களுக்குத் தெரியும்."

தெரியும். அதனால்தான் கணக்கைக் காகிதத்தில் போட்டோம். இப்போதைய உதவித்தொகையை மாதம் 10 பங்கு என்று வைத்துக்கொண்டோம். புதிய சம்பளம் 25 பங்கு. ஆனால் இப்போது அவன் வீட்டிலிருந்து வருகிறான். அங்கே தங்க வேண்டும், சாப்பிட வேண்டும். ஆஃபர் லெட்டரில் தங்குமிடம் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. ஹெல்மெட், கையுறை, கிரைண்டர் யார் கொடுப்பார்கள் என்றும் இல்லை. இதற்கெல்லாம் 5 பங்கு போனால் கையில் நிற்பது மாதம் 20.

இங்கேயே இருந்தால் ஏழு மாதத்தில் 70 பங்கு. போய், ஒப்பந்தம் நீட்டிக்கப்பட்டு ஏழு மாதமும் வேலை இருந்தால் 140. அதாவது 70 பங்கு லாபம், சின்னத் தொகை இல்லை. ஆனால் எழுத்தில் இருப்பது நான்கு மாதம் மட்டும். நான்கோடு நின்று, அடுத்த வேலை கிடைக்க மூன்று மாதம் ஆனால், மொத்தம் 80. லாபம் வெறும் 10 பங்கு. இரண்டரை மடங்கு என்று தொடங்கியது இங்கே வந்து நிற்கிறது. ஆலை நிறுத்த வேலையின் குணமே வேறு: எப்போது முடியும் என்று தேதி குறித்துத்தான் ஆரம்பிப்பார்கள். வேலை நன்றாகப் போனால் சீக்கிரம் முடியும், நீளாது. "நீட்டிக்கப்படும்" என்ற வரியை நம்பக் காரணம் வேண்டும்.

இன்னொரு செலவு லெட்டரின் கடைசிப் பத்தியில் ஒளிந்திருந்தது: "இந்த நியமனம் தளத்தில் நடக்கும் வெல்டர் தேர்வில் தேர்ச்சி பெறுவதற்கு உட்பட்டது." பயிற்சியை விட்டு விலகி, அங்கே போய் டெஸ்டில் தவறினால் இரண்டும் இல்லை. மறு வாய்ப்பு கொடுப்பது அவர்கள் விருப்பம். பிரிவு 9-இன்படி உடனே மறு டெஸ்ட் வைத்தால், தவறிய நிலைக்கு அடுத்தடுத்து இரண்டு பீஸ் போட்டு இரண்டும் பாஸாக வேண்டும். அவசரத்தில் இருக்கும் தளத்தில் அந்தப் பொறுமை எல்லோருக்கும் இருக்காது. ஹெல்பராக இருந்துகொள் என்பார்கள், ஹெல்பர் சம்பளத்தில்.

பாஸாகிப் போனாலும் ஒரு ஆபத்து உண்டு. தம்பியின் கை நன்றாக இருக்கிறது. வெளியே தெரியும் கடைசி அடுக்கான கேப் பார்க்க அழகாக வரும். ஆனால் பைப்பின் அடியில், ஆறு மணி முள் நிற்கும் இடத்தில் முதல் அடுக்கான ரூட் உள்ளே இழுத்துக்கொள்ளும். தலைகீழாக வெல்டிங் செய்யும்போது உருகிய உலோகம் கீழே தொங்கப் பார்க்கும். பைப்பின் உட்புறத்தில் அதற்கேற்ப குழி விழும். வெளியே இருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. டார்ச் லைட் அடித்து உள்ளே பார்த்தால் தெரியும், 6 இன்ச்சில் விரலை விட்டும் தடவலாம். 2 இன்ச்சில் எக்ஸ்ரே சொன்னால்தான் உண்டு. இங்கே குழி விழுந்தால் வெட்டிவிட்டு இன்னொரு பீஸ் கொடுப்பேன். தளத்தில் அது ரிப்பேர் கணக்கில் ஏறும். ரிப்பேர் கூடினால், திறமை மேல் சந்தேகம் வந்தது என்று சொல்லித் தகுதியையே ரத்து செய்ய விதியில் இடம் உண்டு.

இவ்வளவு சொன்ன பிறகும், போவதே சரி என்று நான் நினைக்கிற நிலைமைகள் இருக்கின்றன.

கடைசி மூன்று மாத லாக் புக்கைப் புரட்டிப் பாருங்கள். புது வேலை எதிலும் கையெழுத்தே இல்லை, தினமும் கிரைண்டிங், பெயிண்ட், ஸ்டோர் வேலை என்றால், நீங்கள் பயிற்சியில் இல்லை; மலிவான கூலியில் இருக்கிறீர்கள். அங்கே இன்னும் ஏழு மாதம் இருந்து கிடைக்கும் சான்றிதழுக்குப் பின்னால் கை இருக்காது. அதேபோல, பயிற்சி பாக்கி இரண்டு வருடத்துக்கு மேல், வந்த வேலை நிரந்தரம், தங்குமிடமும் அவர்களே என்றால் தராசு போகிற பக்கம்தான் சாயும். வீட்டில் தள்ளிப்போட முடியாத கடனோ மருத்துவச் செலவோ இருந்தால் இந்தக் கட்டுரையே தேவையில்லை. அப்போது போவது எப்படி என்றுதான் யோசிக்க வேண்டும்.

தளத்துக்கு இன்னொரு நல்ல பக்கமும் உண்டு. பணிமனையில் வாரத்துக்கு நாலைந்து பைப் ஜாயிண்ட் போட்டால் அதிகம். தளத்தில் அது ஒரு நாள் வேலை. கை ஓடுகிற வேகம் அங்கேதான் வரும். எந்தச் சூப்பர்வைசரும் அதைச் சொல்லிக்கொடுக்க முடியாது.

## வழி 2: இருந்து முடிப்பது

இதில் என் பேச்சைக் கொஞ்சம் தள்ளி வைத்தே கேட்கச் சொன்னேன். "தம்பி, நீ போனா எனக்கு ஒரு ஆள் குறையும். அதுவும் தேறின ஆள், பாதிக் காசுக்குக் கிடைக்கிற ஆள். அதனால நான் 'இரு'ன்னு சொன்னா, எதுக்குச் சொல்றேன்னு நீ யோசிக்கணும்." பயிற்சியின் கடைசி வருடத்தில்தான் அப்ரண்டிஸால் நிறுவனத்துக்கு லாபம். முதல் வருடம் அவன் வீணாக்கிய ராடும் கேஸும் அப்போதுதான் திரும்பி வரும். இதை மறைத்துவிட்டு "உன் நல்லதுக்குத்தான்" என்று பேசும் மேற்பார்வையாளர்களை நம்பாதீர்கள்.

எனவே பொதுவாகப் பேசாமல் லாக் புக்கை எடுத்தோம். பாக்கி மூன்று விஷயங்கள் இருந்தன: ஐசோமெட்ரிக் டிராயிங் படித்துத் தானே பைப் வெட்டி ஃபிட்-அப் செய்வது, ஸ்டெயின்லெஸ் பைப்பில் டிக் வெல்டிங், கடைசி மதிப்பீடு.

முதலாவது தளத்தில் அவனுக்குக் கிடைக்கவே கிடைக்காது. அங்கே ஃபிட்டர் வேறு ஆள். அவர் இடைவெளி வைத்து, டேக் போட்டுக் கொடுப்பார். வெல்டர் வந்து நிரப்பிவிட்டு அடுத்த ஜாயிண்டுக்குப் போவார். டிராயிங்கைப் பார்க்க வேண்டிய அவசியமே வராது. பல வருடம் தளத்தில் இருந்தும் ஒரு ஐசோமெட்ரிக்கைப் படிக்கத் தெரியாமல், அதனாலேயே ஃபோர்மேன் ஆக முடியாமல் நிற்கும் நல்ல வெல்டர்களைத் தொழிலில் இருக்கிற எல்லோரும் பார்த்திருப்போம்.

இரண்டாவது இன்னும் நுணுக்கம். ஸ்டெயின்லெஸ் பைப்பில் ரூட் போடும்போது உள்ளே இருக்கும் காற்றை ஆர்கான் விட்டு வெளியேற்ற வேண்டும். இதைப் பர்ஜிங் என்போம். சரியாக வெளியேறவில்லை என்றால் ரூட்டின் உட்புறம் கருத்து, சர்க்கரை பாகு முறிந்த மாதிரி பொரிப்பொரியாக நிற்கும். அந்த ஜாயிண்டை வெட்டித்தான் எறிய வேண்டும். எவ்வளவு நேரம் கேஸ் விட வேண்டும், இரண்டு பக்கமும் எதை வைத்து அடைக்க வேண்டும், ரூட்டுக்குப் பிறகும் எத்தனை அடுக்கு வரை கேஸை நிறுத்தக் கூடாது என்பதெல்லாம் கெடுத்துக் கெடுத்துத்தான் பிடிபடும். கெடுக்க அனுமதி இருப்பது பயிற்சியில் மட்டும். கார்பன் ஸ்டீலோடு ஸ்டெயின்லெஸும் தெரிந்த வெல்டருக்கு வேலை வாய்ப்பு எப்படி விரியும் என்று அவனுக்கே தெரியும்.

பாக்கி இருந்தது வெறும் எழுத்துத் தேர்வு என்றால் நான் வேறு மாதிரி சொல்லியிருப்பேன். சில பயிற்சித் திட்டங்களில், நாட்கள் முடிந்தவரை இருந்துவிட்டு மதிப்பீட்டுக்கு மட்டும் வந்து எழுத வழி உண்டு. ஏழு மாதம் என்று காலண்டரில் இருப்பதும், ஏழு மாதத்துக்கான வேலை லாக் புக்கில் பாக்கி இருப்பதும் ஒன்றல்ல.

பணக் கணக்குக்குத் திரும்புவோம். அதே ஒப்பந்ததாரரின் சம்பளப் பட்டியலில் சான்றிதழ் உள்ளவருக்கு ஒரு படி கூடுதல். நம் கணக்கில் 25-க்குப் பதில் 28. மாதம் 3 பங்கு வித்தியாசம். இருந்து முடிப்பவர் இழந்த 10 பங்கைப் பிடிக்க மூன்றரை மாதம் போதும். ஒப்பந்தம் நீண்டு அவர் 70 பங்கை இழந்திருந்தால், பிடிக்க ஏறக்குறைய இரண்டு வருடம் ஆகும். ஆக, அந்த "நீட்டிக்கப்படும்" என்ற ஒரே வரியைப் பொறுத்துப் பதில் மாறுகிறது.

இதில் இன்னொரு கசப்பான உண்மையும் உண்டு. எல்லா ஒப்பந்ததாரரும் இப்படிப் படி கூட்டிக் கொடுப்பதில்லை. பலர் டெஸ்ட் ரிசல்ட்டைப் பார்த்தே சம்பளம் போடுவார்கள், சான்றிதழைத் திருப்பிக்கூடப் பார்க்கமாட்டார்கள். வாழ்நாள் முழுக்கத் தளத்து வெல்டராகவே இருக்கப் போகிறேன், மேலே போகும் எண்ணமில்லை என்பவருக்குச் சான்றிதழ் பணமாக மாறாமலே போகலாம்.

## வழி 3: பேசிப் பார்ப்பது

இரண்டில் ஒன்று என்றுதான் எல்லோரும் வருகிறார்கள். நடுவில் இரண்டு வழி இருக்கிறது, கேட்டால்தான் தெரியும்.

ஒன்று, பயிற்சி ஒப்பந்தத்தைப் புதிய நிறுவனத்துக்கு மாற்றிக்கொள்வது. பதிவு செய்யப்பட்ட பயிற்சியாக இருந்து, புதிய நிறுவனமும் பயிற்சி தரத் தகுதி உள்ளதாக இருந்தால் பல திட்டங்களில் இது நடக்கும். இதுவரை வாங்கிய கையெழுத்துகள் வீணாகாது. ஆனால் நான்கு மாத ஒப்பந்ததாரர் இதற்கு ஒத்துக்கொள்வது அபூர்வம். அவருக்கு வேண்டியது வெல்டர், மாணவன் இல்லை. நிரந்தரத் தொழிற்சாலை கூப்பிட்டிருந்தால் முதலில் இதைத்தான் கேட்கச் சொல்லியிருப்பேன்.

இன்னொன்று, பயிற்சியை ரத்து செய்யாமல் நிறுத்தி வைப்பது. இதற்கு எழுத்தில் மூன்று விஷயம் வேண்டும்: எவ்வளவு காலம் நிறுத்தலாம், திரும்பி வந்தால் இடம் உறுதியா, நடுவே பாடத்திட்டம் மாறினால் பழைய கையெழுத்துகள் செல்லுமா. வாய்வார்த்தையாக "வா, பார்த்துக்கலாம்" என்று நான் சொன்னால்கூட அதை நம்பாதே என்றேன். நான் நாளைக்கு இங்கே இல்லாமல் போகலாம்.

விலகுவது என்றே முடிவானால், பயிற்சி ஒப்பந்தத்தில் நடுவில் போனால் ஏதாவது திருப்பிக் கட்ட வேண்டுமா என்றும் பார்க்க வேண்டும். இருந்தால் அதையும் பணக் கணக்கில் கழிக்க வேண்டும்.

## மூன்றையும் பக்கத்தில் வைத்தால்

| | இப்போதே போவது | இருந்து முடிப்பது | மாற்றுவது அல்லது நிறுத்தி வைப்பது |
|---|---|---|---|
| வேலை முடிந்த நாளில் கையில் | டெஸ்ட் கார்டு. பெரும்பாலும் அந்த கம்பெனியோடு சரி | காலாவதி ஆகாத சான்றிதழ். டெஸ்ட் எப்படியும் கொடுக்க வேண்டும் | இரண்டுக்கும் வாய்ப்பு, எழுத்தில் இருந்தால் |
| ஏழு மாதப் பணம் | 80 முதல் 140 பங்கு | 70 பங்கு | மாற்றினால் உதவித்தொகையை ஒட்டி. நிறுத்தி வைத்தால் போவதைப் போல |
| கற்பது | வேகம், எண்ணிக்கை | டிராயிங், ஃபிட்-அப், ஸ்டெயின்லெஸ் | இடத்தைப் பொறுத்தது |
| ஒளிந்திருக்கும் செலவு | தங்குமிடம், கருவி, டெஸ்டில் தவறினால் இரண்டும் இல்லை | வந்த வாய்ப்பு திரும்ப வராமல் போகலாம் | பேச்சுவார்த்தைக்குள் இடம் நிரம்பிவிடலாம் |
| திரும்பும் வழி | விலகிவிட்டால் பெரும்பாலும் இல்லை | தேவையில்லை | கெடுவுக்குள் உண்டு |
| யாருக்கு | பயிற்சி பெயரளவில் நடப்பவர், நிரந்தர வேலை வந்தவர், பணத் தேவையைத் தள்ளிப்போட முடியாதவர் | சில மாதங்களே பாக்கி, கற்க விஷயம் உள்ளவர் | நிரந்தர நிறுவனம் கூப்பிட்டவர் |

## தம்பி கேட்டுவந்த பதில்கள்

என் கணிப்பை அவனிடம் மறைக்கவில்லை. ஏழு மாதம் பாக்கி, நான்கு மாத ஒப்பந்தம், லாக் புக்கில் ஸ்டெயின்லெஸும் ஃபிட்-அப்பும் மிச்சம். இந்த மூன்றும் சேர்ந்தால் இருந்து முடிப்பதே மேல் என்று நினைக்கிறேன். இதில் ஒன்று மாறினாலும் என் பதில் மாறும். எனவே முடிவு எடுக்கும் முன் நான்கு கேள்வியை ஒப்பந்ததாரரிடம் எழுத்தில் கேட்கச் சொன்னேன்: டெஸ்ட் 6 இன்ச் பைப்பில் மட்டுமா, விலகும் முன்பே ஒருநாள் வந்து டெஸ்ட் கொடுக்கலாமா, நான்கு மாதத்துக்குப் பிறகு நீட்டிப்பு உறுதியா, தங்குமிடம் யார் பொறுப்பு.

விலகும் முன் டெஸ்ட் என்பது மட்டும் எல்லோருக்கும் பொருந்தும். ஒருநாள் விடுப்பில் முடியக்கூடிய காரியம். நல்ல ஒப்பந்ததாரர் மறுக்கமாட்டார். மறுத்தால் அதுவே ஒரு தகவல். போகிறவர்கள் இன்னொன்றும் செய்ய வேண்டும். தகுதிப் பதிவு, 6 மாதத் தொடர்ச்சிப் பதிவு, எக்ஸ்ரே ரிப்போர்ட் எல்லாவற்றிலும் ஒரு நகல் வேலையில் இருக்கும்போதே வாங்கிக்கொள்ள வேண்டும். அடுத்த கம்பெனியில் டெஸ்டைத் தவிர்க்க உதவாவிட்டாலும் அனுபவத்தைக் காட்ட உதவும். தளம் மூடிய பிறகு அந்தக் கோப்பு யாரிடம் இருக்கிறது என்று தேடி அலைய முடியாது.

பதில் வந்தது. டெஸ்ட் 6 இன்ச்சில் மட்டும். முன்கூட்டியே வந்து கொடுக்கலாம். தங்குமிடம் சொந்தப் பொறுப்பு. நீட்டிப்பை எழுத்தில் தர முடியாது.

"அப்போ டெஸ்ட்டை இப்பவே கொடுத்து பாஸ் பண்ணி வெச்சுக்கறேன் அண்ணே. ஏழு மாசம் கழிச்சுப் போய் சேர்ந்துக்கறேன்."

யோசனை நல்லதுதான், ஆனால் 6 மாத விதி அங்கே குறுக்கே நிற்கும். ஏழாவது மாதம் அவன் போகும்போது அந்தத் தகுதி காலாவதி ஆகியிருக்கும். இங்கே அவன் தினமும் டிக் செய்தாலும் அது அந்த நிறுவனத்தின் கட்டுப்பாட்டில் செய்த வேலை ஆகாது. மறுபடி டெஸ்ட் கொடுக்க வேண்டியதுதான். ஆனாலும் இப்போது ஒருமுறை போய்க் கொடுத்துவிட்டு வருவதில் நஷ்டமில்லை என்றேன். ஆறு மணி இடத்து ரூட் எக்ஸ்ரேயில் எப்படித் தெரிகிறது என்று அவன் தன் கண்ணால் பார்த்துவிட்டு வரலாம். விடுப்புக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன்.